பஞ்சிங் ரிப்போர்ட் சரியாக இருந்தும் ஆடிட்டர் எப்படிக் கண்டுபிடித்தார், இனி பையர் என்ன செய்வார்?

கேள்வி: "எங்கள் ஆடை ஆலையில் தொழிலாளர் நிலைமையைப் பார்க்க நடந்த சோஷியல் ஆடிட்டில் 'நேரப் பதிவேடும் உற்பத்திப் பதிவேடும் ஒத்துப்போகவில்லை, ஊதியத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஓ.டி. ஓடுவது உண்மைதான். ஆனால் பஞ்சிங் ரிப்போர்ட், சம்பளப் பட்டியல் எல்லாம் சட்டப்படி இருப்பதைத்தான் காட்டினோம். எப்படித் தெரிந்தது? பையர் ஆர்டரை நிறுத்திவிடுவாரா? திருத்த நடவடிக்கைத் திட்டத்தில் என்ன எழுதுவது?"

பெரும்பாலான பையர்கள் இந்த ஒரு குறிப்புக்காக உடனே ஆர்டரை நிறுத்துவதில்லை. ஆனால் இதைச் சாதாரணக் குறையாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் சில வருடங்கள் ஆடிட்டராகவும், பிறகு பையர் பக்கம் உட்கார்ந்து இப்படிப்பட்ட ரிப்போர்ட்களைப் பின்தொடர்பவனாகவும் வேலை பார்த்தவன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரே வரியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆட்கள் அதிக நேரம் வேலை செய்கிறார்கள். இன்னொன்று, அதை மறைக்க இரண்டாவது கணக்கு இருக்கிறது. முதலாவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாகப் பார்க்கிற, திருத்தக்கூடிய குறை. இரண்டாவது இருந்தால் முதலாவதைத் திருத்தவே முடியாது, ஏனென்றால் நீங்கள் காட்டும் எந்த எண்ணையும் நம்ப வழியில்லை. "ஊதியத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்று அவர் எழுதியதன் பொருள் இதுதான். எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்றே தெரியாதபோது, குறைந்தபட்ச ஊதியம் கிடைத்ததா, ஓ.டி.க்கு உரிய விகிதம் கிடைத்ததா, வார விடுமுறை கிடைத்ததா என்ற எதற்கும் பதில் சொல்ல முடியாது.

எப்படித் தெரிந்தது என்பதற்கு வருகிறேன். ஆடிட்டருக்கு நேரம் மிகக் குறைவு. ஸ்மெட்டா என்ற பரவலான சோஷியல் ஆடிட் முறையில் நெடுநாள் வழக்கத்தில் இருந்த அட்டவணைப்படி 101 முதல் 500 பேர் வரை உள்ள ஆலைக்கு இரண்டு ஆள்-நாள்தான். அதற்குள் ஆரம்பக் கூட்டம், ஆலையைச் சுற்றிப் பார்ப்பது, 26 தொழிலாளர்களுடன் பேசுவது, பதிவேடுகள், கடைசிக் கூட்டம் எல்லாம் முடிய வேண்டும். அதனால் அனுபவமுள்ள ஆடிட்டர் பஞ்சிங் ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குவதில்லை. அது அவருக்குக் காட்டுவதற்கென்றே தயாரான ஆவணம் என்று அவருக்குத் தெரியும். யாரும் அவருக்காகத் தயாரிக்காத காகிதங்களை அவர் முதலில் தேடுவார். காலையில் ஆலையைச் சுற்றி வரும்போது அவர் கையில் இருக்கும் நோட்டில் தீயணைப்பான் எண்ணிக்கை மட்டும் ஏறுவதில்லை. தேதியும் நேரமும் எழுதப்பட்ட எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்வார்.

அதில் முதலிடம் உடைந்த ஊசிப் பதிவேட்டுக்கு. ஆடையில் ஊசித் துண்டு சிக்கிவிடக் கூடாது என்று பையரின் தரப் பிரிவு கண்டிப்பாக இருப்பதால், ஊசி உடையும் ஒவ்வொரு தடவையும் எந்த மெஷின், யார், எத்தனை மணிக்கு என்று எழுதி, துண்டுகளை அதே பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி வைப்பார்கள். இதை எழுதுபவர் தரப் பிரிவு ஆள், ஹெச்.ஆர். ஆள் இல்லை. அவருக்கு வேலை நேரத்தைப் பற்றிய கவலை கிடையாது, ஊசித் துண்டைப் பற்றிய கவலைதான். ஆறு மணிக்கு எல்லோரும் பஞ்ச் பண்ணிவிட்டுப் போனதாகச் சொல்லும் நாளில் இரவு 9.10க்கு ஓர் ஊசி உடைந்திருந்தால் அந்த வரி பேசிவிடும். இதேபோல மெட்டல் டிடெக்டரைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்த பதிவு, லைன் முடிவில் செக்கிங் செய்தவரின் மணிவாரித் தாள், ஃப்யூசிங் மெஷினின் வெப்பநிலைப் பதிவு, ஜெனரேட்டர் ஓடிய நேரம், செக்யூரிட்டி கேட்டில் வண்டி போய் வந்த நேரம், முதலுதவிப் பதிவேடு என்று ஒரு ஆலையில் நேரத்தைச் சொல்லும் காகிதங்கள் பதினைந்து இருபது இடங்களில் இருக்கின்றன. ஒன்றைத் திருத்தலாம், இரண்டைத் திருத்தலாம். பல பேர் பல இடங்களில் எழுதும் அத்தனையையும் ஒரே கதைக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம்.

இரண்டாவது வழி கணக்கு. இதை ஆலைக்காரர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு காலர் டி-ஷர்ட்டைத் தைக்க எஸ்.ஏ.எம்., அதாவது நிர்ணயிக்கப்பட்ட நேரம், 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லைனில் 40 பேர். காலை 9 மணிக்கு வந்து, ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போக, மாலை 6 மணிக்குக் கிளம்பினால் ஆளுக்கு 480 நிமிடம், மொத்தம் 19,200 நிமிடம். அந்த லைனின் உற்பத்தித் தாளில் ஒரு நாளைக்கு 1,100 பீஸ் என்று இருக்கிறது. 1,100 பீஸுக்கு 16,500 நிமிட வேலை தேவை. அப்படியானால் அந்த லைன் 86 சதவீதத் திறனில் ஓடியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அதே லைனின் திறன் 60 சதவீதம். 60 சதவீதத்தில் 16,500 நிமிட வேலையை முடிக்க 27,500 நிமிடம் வேண்டும், அதாவது ஆளுக்கு ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். ஒன்பது மணிக்கு வந்தவர்கள் சாப்பாட்டு நேரம் போக இரவு ஒன்பதரை வரை இருந்திருக்க வேண்டும். ஊசி உடைந்த 9.10 இதற்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்தக் கணக்கு மட்டும் ஆதாரம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் ஒரே ஸ்டைல் தொடர்ந்து ஓடி லைன் கை பழகி வேகம் கூடியிருக்கலாம். சில பாகங்கள் வேறு லைனில் தைத்து வந்திருக்கலாம். உற்பத்தித் தாளே ஊதி எழுதப்பட்டிருக்கலாம். அதனால் நல்ல ஆடிட்டர் இதைச் சந்தேகத்துக்கான காரணமாகத்தான் எடுத்துக்கொள்வார், முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டார். பதிவேடு, கணக்கு, தொழிலாளர் சொல்வது, இந்த மூன்றும் ஒரே பக்கம் காட்டினால்தான் ரிப்போர்ட்டில் எழுதுவார். உங்கள் விஷயத்தில் அவர் துணிந்து எழுதியிருக்கிறார் என்றால் மூன்றும் கிடைத்திருக்க வேண்டும்.

தொழிலாளர்களிடம் என்ன கேட்டிருப்பார் என்று நீங்கள் யோசிக்கலாம். "ஓ.டி. உண்டா?" என்று நேராகக் கேட்டால் "கிடையாது, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம்" என்று 26 பேரும் ஒரே வாக்கியத்தில் சொல்வார்கள். ஒரே வாக்கியம் என்பதே சொல்லிக்கொடுத்ததன் அடையாளம். அனுபவமுள்ளவர்கள் வேறு வழியில் போவார்கள். நேற்று இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக்குப் போகிறீர்களா முன்பா, சம்பளம் மாதத்தில் ஒரு தடவை வருகிறதா இரண்டு தடவையா, வங்கியில் வருவது போகக் கையில் ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டாவது கணக்கு உள்ள ஆலைகளில் ஓ.டி. பணம் தனிக் கவரில் வேறு தேதியில் வரும். அந்தத் தேதியைச் சொல்லும்போது யாருக்கும் அதை மறைக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. பேசியவர்களின் பெயரை ஆடிட்டர் எங்கும் எழுத மாட்டார், சொல்லவும் மாட்டார். தயவுசெய்து யார் சொன்னார்கள் என்று தேடாதீர்கள். அப்படித் தேடி ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், அது முதல் குற்றச்சாட்டைவிடப் பெரிய குற்றச்சாட்டாக ஆகும். நியாயமாகவும் அது பெரியதுதான்.

பஞ்சிங் ரிப்போர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆடிட்டுக்கென்றே சுத்தமான வருகைப் பதிவைத் தயாரித்துத் தரும் சாஃப்ட்வேர்கள் பல இடங்களில் விற்பனையாகின்றன. வருகை நேரத்தை ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாகக் கலைத்துப்போட்டு இயல்பாகக் காட்டும். ஆனால் கைரேகை மெஷினின் உள்ளே இருக்கும் மூலப் பதிவை ஆடிட்டர் கேட்டால் அது கைகொடுக்காது. உண்மையான மூலப் பதிவில் தவறிய பஞ்ச் இருக்கும், இரண்டு தடவை விரல் வைத்தது இருக்கும், லீவுக்குப் பின் பாதி நாளில் வந்தவர் இருப்பார். எல்லோரும் 6.00க்கும் 6.12க்கும் நடுவில் தவறாமல் வெளியேறும் மூன்று மாதப் பதிவு தானாகவே சந்தேகத்தைக் கொண்டுவரும்.

சரி, பையர் என்ன செய்வார்? ரிப்போர்ட் செடெக்ஸ், ஆம்ஃபோரி போன்ற தளங்களில் ஏறியதும் உங்களோடு இணைப்பில் உள்ள எல்லா பையர்களும் அதைப் பார்க்கலாம். அதனால் ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறொன்று என்று விளக்கம் சொல்லிவிடாதீர்கள். பல பையர்களின் விதிகளில் பதிவேட்டைப் பொய்யாக்குவதும் ஆடிட்டருக்கு லஞ்சம் கொடுக்க முயல்வதும் சிறிதும் பொறுத்துக்கொள்ளப்படாத குற்றங்கள் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் நான் பார்த்தவரை, முதல் தடவையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், நிர்வாக இயக்குநரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், உண்மையான பதிவேடுகளைக் காட்டக் குறிப்பிட்ட காலம் தருவார்கள், அதுவரை புது ஸ்டைல் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். அந்தக் காலம் முடிந்தும் மறுபடி பொய்க் கணக்குக் காட்டினால் வெளியேறுவார்கள். இது பையருக்குப் பையர் மாறும். ஆடை, காலணித் துறைக்காக ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உறவை முறித்துக்கொள்வதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. ஆர்டர் போனால் முதலில் வேலை இழப்பது யாருக்காக ஆடிட் நடந்ததோ அந்தத் தொழிலாளிதான் என்பதே காரணம். ஆகவே வாரத்துக்கு 69 மணி நேரம் வேலை நடக்கிறது என்று ஒளிக்காமல் காட்டும் ஆலைக்கு, 48 மணி நேரம் என்று பொய் காட்டும் ஆலையைவிட நல்ல இடம் கிடைக்க வேண்டும். எல்லா பையரும் இப்படி நடந்துகொள்வதில்லை. உண்மையைச் சொன்ன ஆலையின் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, பொய் சொன்ன ஆலைக்கு ஆர்டரைத் தள்ளிய பையர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கணக்கு இத்தனை ஆலைகளில் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

திருத்த நடவடிக்கைத் திட்டத்துக்கு வருவோம். நான் படித்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: "இனி ஓ.டி. வரம்புக்குள் இருக்கும்படி மேற்பார்வையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது, பயிற்சி அளிக்கப்பட்டது." கூடவே பயிற்சிக் கூட்டத்தின் புகைப்படமும் கையெழுத்துத் தாளும். மேற்பார்வையாளருக்கு விதி தெரியாமல் லைன் இரவு ஒன்பதரை வரை ஓடவில்லை. ஷிப்மென்ட் போக வேண்டும் என்பதால் ஓடியது. இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளும் பையர், ரிப்போர்ட்டை மூட விரும்புகிறார் என்றுதான் அர்த்தம்.

திட்டம் உண்மையாக இருக்க வேண்டுமானால் முதலில் தொழிலாளியின் கைக்கு வரும் பணத்தைக் கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன லைனையே எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி. மேலதிகமாக நாளைக்கு மூன்றரை மணி என்றால் 91 மணி. மொத்தம் 299 மணி. இரண்டாவது கணக்கில் ஓ.டி.க்குச் சாதாரண விகிதமே கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் அவருக்குக் கிடைப்பது 299 மணி நேரக் கூலி. இப்போது தொழிலாளர் உரிமைக்கான கூட்டமைப்பான இ.டி.ஐ.யின் அடிப்படை விதி சொல்லும் பொதுவான உச்ச வரம்பான வாரம் 60 மணிக்கு, அதாவது 48 மணி வேலையும் 12 மணி ஓ.டி.யும் என்று, நீங்கள் இறங்குகிறீர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் சட்டம்தான் கணக்கு. வாரம் 12 மணி என்றால் மாதத்துக்கு 52 மணி ஓ.டி. அதையும் பழையபடி ஒற்றை விகிதத்தில் கொடுத்தால் அவர் கைக்கு வருவது 260 மணிக் கூலி. மாத வருமானத்தில் 13 சதவீதம் போய்விட்டது. அடுத்த மாதமே நல்ல டெய்லர்கள் ஓ.டி. அதிகம் ஓடும் பக்கத்து ஆலைக்குப் போய்விடுவார்கள், அல்லது அவர்களே வந்து "பழையபடி ஓட்டுங்கள்" என்று கேட்பார்கள். நேரத்தை மட்டும் குறைக்கும் திட்டங்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

அதே 52 மணிக்குச் சட்டம் சொல்லும் விகிதத்தைக் கொடுத்துப் பாருங்கள். பல நாடுகளில் அது இரட்டிப்பு. அப்போது 208உம் 104உம் சேர்ந்து 312 மணிக் கூலி. மாதத்துக்கு 39 மணி நேரம் குறைவாக வேலை செய்து, முன்பைவிடச் சற்று அதிகமாகவே வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இந்தத் திட்டத்தைத் தொழிலாளர்கள் எதிர்க்க மாட்டார்கள். ஓ.டி. விகிதம் ஒன்றரை மடங்காக உள்ள நாட்டில் இது 286 மணிக் கூலிதான் வரும். அங்கே அடிப்படை ஊதியத்தையோ உற்பத்தி ஊக்கத்தொகையையோ கொஞ்சம் ஏற்றாமல் இடைவெளி அடைபடாது.

ஆலைக்கு என்ன ஆகிறது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். முன்பு 299 மணி வேலைக்கு 299 மணிக் கூலி கொடுத்தீர்கள். இப்போது 260 மணி வேலைக்கு 312 மணிக் கூலி. ஒரு மணி நேர உழைப்பின் விலை 20 சதவீதம் ஏறுகிறது, கூடவே உற்பத்தி நேரத்தில் 13 சதவீதம் குறைகிறது. அதே எண்ணிக்கை பீஸ் வேண்டுமானால் லைன் திறன் 60இலிருந்து 69 சதவீதத்துக்கு ஏற வேண்டும். இது கனவு இல்லை. லைன் பேலன்சிங், கட்டிங் பண்டில் தாமதமில்லாமல் வருவது, மெஷின் பழுது குறைவது, திரும்பத் தைக்கும் பீஸ்கள் குறைவது ஆகியவற்றால் ஒன்பது புள்ளி ஏற்றிய ஆலைகள் உண்டு. அதற்கு மாதங்கள் ஆகும், ஒரு வாரத்தில் வராது. பதினொன்றரை மணி நேரம் ஓடி அலுத்துப்போன லைனில் கடைசி இரண்டு மணி நேர உற்பத்தி எப்படி இருக்கும் என்று உங்கள் மணிவாரித் தாளையே எடுத்துப் பாருங்கள், திறனில் ஒரு பங்கு அங்கேயே ஒளிந்திருப்பது தெரியும்.

அப்புறம் மூல காரணம். திட்டத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் "திட்டமிடல் குறைபாடு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஓ.டி. அதிகம் ஓடிய மூன்று மாதங்களை எடுத்து, அந்த மாதங்களில் ஓடிய ஒவ்வொரு ஆர்டரின் கால அட்டவணையையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆர்டர் வந்து 90ஆம் நாள் ஷிப்மென்ட். 45ஆம் நாள் பையர் பி.பி. சாம்பிளுக்கு, அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு, ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பின் கட்டிங், பிறகு 24 நாள் தையல், மீதி நாளில் அயனிங், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று திட்டம். ஒப்புதல் 57ஆம் நாள்தான் வந்தது. பட்டனைக் குறிப்பிட்ட சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும் என்று பையர் சொல்லியிருந்தார், அதுவும் தாமதம். ஷிப்மென்ட் தேதி மட்டும் நகரவில்லை. தாமதித்தால் விமானச் செலவு ஆலையின் தலையில். 24 நாள் தையல் 12 நாளில் நடக்க வேண்டும். இன்னொரு லைனைக் காலி செய்து கொடுத்தாலும், அந்த லைனுக்குக் கை பழக நாளாகும் என்பதால் அது எட்டு மணி நேரத்தில் முடியாது. இந்த அட்டவணையைத் தேதிகளோடும் மின்னஞ்சல்களோடும் திட்டத்தில் இணையுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். எந்த ஆர்டரில் எத்தனை நாள் யாரிடம் போனது என்ற ஒரு பட்டியல் போதும். உங்கள் பக்கத்துக் குறைகளும், உதாரணமாகக் கொள்ளளவுக்கு மேல் ஆர்டர் ஏற்றுக்கொண்டது, அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பையர் நிறுவனங்களுக்குள் ஆடிட்டைப் பார்க்கும் குழுவும் ஆர்டர் போடும் குழுவும் வேறு வேறு. ஒருவருக்கு ஆலையின் நிலைமை மேம்பட்டதா என்று மதிப்பீடு, இன்னொருவருக்கு எவ்வளவு மலிவாக, எவ்வளவு சீக்கிரம் வாங்கினார் என்று மதிப்பீடு. நான் அந்தப் பக்கம் இருந்தபோது, ஆலை அனுப்பிய இப்படி ஒரு பட்டியல்தான் ஆர்டர் போடும் குழுவை ஒரே மேசைக்குக் கொண்டுவர எனக்கு உதவியது. "ஓ.டி. அதிகம்" என்று நான் சொன்னபோது அது ஆலையின் பிரச்சினை. "இந்த ஏழு ஸ்டைலில் நம் ஒப்புதல் சராசரியாக இத்தனை நாள் தாமதம்" என்று காட்டியபோது அது எங்கள் பிரச்சினை ஆனது. உண்மையாகப் பின்தொடரும் பையரை எப்படி அடையாளம் காண்பது என்றால், அவர் உங்களிடம் தேதி கேட்பதோடு நிற்காமல் தன் பக்கத்திலும் ஒரு தேதியை மாற்றுவார். ஒப்புதல் தாமதமானால் ஷிப்மென்ட் அத்தனை நாள் தள்ளும் என்று எழுத்தில் தருவார். விலை பேசும்போது உழைப்புச் செலவைத் தனி வரியாக வைத்து, அதைப் பேரத்துக்கு வெளியே வைப்பார். தையல் கூலி ஒரு ஆடையின் விலையில் சிறு பங்குதான் என்பதால் 20 சதவீத ஏற்றம் மொத்த விலையில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆலையின் லாபமும் மிக மெல்லியது. பையர் அந்தச் சிறு தொகையைத் தராவிட்டால் முழுவதும் அங்கிருந்துதான் போகும்.

கடந்த கால நிலுவையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 91 மணி ஓ.டி.க்கு இரட்டிப்புக்குப் பதில் ஒற்றை விகிதம் கொடுத்திருந்தால், ஒரு மாதத்துக்கு 91 மணிக் கூலி பாக்கி. அது அடிப்படை மாத ஊதியத்தில் ஏறக்குறைய 44 சதவீதம். எத்தனை மாதங்களுக்குத் திருப்பித் தருவது என்பதில் பையர்களிடையே ஒரே நடைமுறை இல்லை, உங்கள் நாட்டுச் சட்டத்தில் உரிமை கோரும் காலவரம்பையும் பார்க்க வேண்டும். உங்களிடம் உள்ள இரண்டாவது கணக்கே இதற்கு ஆதாரம், அதை அழித்துவிடாதீர்கள். பதற்றத்தில் அழித்த ஆலைகள், பிறகு உற்பத்தித் தாளை வைத்து மணி நேரத்தை ஊகித்துக் கணக்குப் போட வேண்டிய நிலைக்கு வந்தன. அப்படிப் போடும்போது சந்தேகத்தின் பலனைத் தொழிலாளிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். தொகை, யார் யாருக்கு, எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் போனது என்ற பட்டியலைத் தொழிற்சங்கமோ தொழிலாளர் குழுவோ பார்த்துக் கையெழுத்திடட்டும். வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிக் கொடுக்க வேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திருத்தியதைச் சரிபார்ப்பது எப்படி? தீயணைப்பான் இல்லை என்ற குறையைப் புகைப்படம் அனுப்பி மூடலாம். வேலை நேரக் குறையை அப்படி மூட முடியாது. குறைந்தது இரண்டு மூன்று மாதப் பதிவேடுகள் சேர்ந்த பிறகு, அதுவும் ஒரு நெருக்கடியான மாதம் அதில் இருக்கும்படி, நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். வருபவர் முதலில் பார்ப்பது 60 மணிக்குள் வந்துவிட்டதா என்பதை இல்லை. ஊசிப் பதிவேடும் மூலப் பஞ்சும் சம்பளப் பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான். முதல் மாதம் 69 மணி, அடுத்து 66, அடுத்து 63 என்று உண்மையான எண்கள் இறங்கி வந்தால் நான் அதை முன்னேற்றம் என்றே எழுதுவேன். முதல் மாதமே 59 என்று வந்தால் மூன்றாவது கணக்கு ஒன்று பிறந்துவிட்டதோ என்று பார்ப்பேன். இன்னொன்றையும் பார்ப்பேன்: உங்கள் ஆலையில் குறைந்த நேரம் வேறெங்காவது போய்விட்டதா? பீஸ்கள் பட்டியலில் இல்லாத வெளி யூனிட்டுக்குப் போகின்றனவா? கேட் பாஸில் அரைகுறையாகத் தைத்த பண்டில்கள் வெளியே போய், முடிந்த ஆடையாகத் திரும்பி வந்தால் அது தெரிந்துவிடும். அங்கே வேலை செய்பவர்களை எந்த ஆடிட்டும் பார்ப்பதில்லை.

இந்த முறையால் எதுவரை முடியும் என்பதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆடிட் என்பது இரண்டு நாள் பார்வை, பெரும்பாலும் அதற்கான கட்டணத்தை ஆலையே கொடுக்கிறது. எண்ணில் தடம் விடும் குறைகளை, நேரம், ஊதியம், வயது ஆவணம் போன்றவற்றை, அது ஓரளவு பிடிக்கும். மேற்பார்வையாளரின் வசைச்சொல், பாலியல் தொல்லை, சங்கம் சேர்ந்தால் வேலை போய்விடும் என்ற பயம் ஆகியவற்றை அது மிகக் குறைவாகவே பிடிக்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சியில் 250க்கும் மேற்பட்டவர்கள் தீயில் இறந்த அலி என்டர்பிரைசஸ் ஆலைக்கு, சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நிலைமைக்கான தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரலில் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ராணா பிளாசா கட்டடத்தில் இருந்த ஆலைகளிலும் சோஷியல் ஆடிட்கள் நடந்திருந்தன. அதற்குப் பின் வங்கதேசத்தில் வந்த அக்கார்ட் என்ற தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வேறுபட்டதற்குக் காரணம் அதன் ஆய்வாளர்கள் பொறியாளர்கள் என்பது மட்டும் இல்லை. ஆய்வு முடிவுகள் பொதுவில் வெளியிடப்பட்டன, தொழிற்சங்கங்கள் கையெழுத்திட்டிருந்தன, திருத்தும் செலவுக்கு வழி இருப்பதை உறுதி செய்யும் சட்டக் கடமை பையருக்கு இருந்தது. வேலை நேர விஷயத்தில் பெரும்பாலான பையர்களுக்கு அப்படி ஒரு கடமை இன்றுவரை இல்லை. அதனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அந்தந்த நிறுவனத்தின் மனசைப் பொறுத்ததாக இருக்கிறது. நீங்கள் எழுத்தில் கேட்டு வாங்குவது அதனால்தான் முக்கியம்.

உங்கள் கேள்விக்குத் திரும்ப, இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பையரின் ஆடிட் குழுவுக்கு நிர்வாக இயக்குநர் பெயரில் ஒரு கடிதம் போகட்டும்: இரண்டாவது பதிவேடு இருக்கிறது, இத்தனை மாதத்துக்கு இருக்கிறது, மூலப் பதிவோடு சேர்த்து அதை உங்களுக்குக் காட்டுகிறோம், இன்றிலிருந்து ஒரே பதிவேடுதான். திட்டத்தின் முதல் வரியாக இதையே எழுதுங்கள். இரண்டாவது வரியாக இன்றைய உண்மையான வார நேரத்தையும், மாதம் எத்தனை மணி குறைப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்றாவதாக ஓ.டி. விகிதம் எந்தச் சம்பளத் தேதியிலிருந்து சரியாகும் என்பதையும், நிலுவை எப்போது போகும் என்பதையும் எழுதுங்கள். கால அட்டவணைப் பட்டியலை இணைத்து, ஆர்டர் போடும் குழுவும் இருக்கும் கூட்டம் ஒன்றுக்குத் தேதி கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் மெர்ச்சண்டைசரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த ஒப்புதல் எந்த நாளில் வந்தது என்பது அவருக்குத்தான் மனப்பாடமாகத் தெரியும்.